ஆண்டு விழா வரவேற்புரை: மூன்று வரைவில் எதை மேடையேற்றுவது?

காசிமேட்டுப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் அந்தப் பள்ளியின் பழைய மாணவி. இப்போது ஸ்டான்லி மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். வரவேற்புரையை யார் எழுதுவது என்று முடிவாவதற்குள் மூன்று பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று உதவித் தலைமையாசிரியர் எழுதியது, இன்னொன்று கணக்கு சார் எழுதியது, மூன்றாவது தமிழ் மிஸ் எழுதியது. மூன்றையும் படித்துப் பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள் என்று என்னிடம் கொடுத்தார்கள். வடசென்னையில் நிறையப் பள்ளி மேடைகளுக்கு நிகழ்ச்சி நிரல் போட்டுக் கொடுத்தவன் என்பதால் அந்த மரியாதை.

மூன்றும் மூன்று விதம். எந்தப் பள்ளியில் எழுதினாலும் வரவேற்புரை இந்த மூன்றில் ஒன்றாகத்தான் வந்து நிற்கிறது. அதனால் இந்த ஒரு விழாவை வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

முதலில் நேரம். அழைப்பிதழில் மாலை 5 மணி என்று இருக்கும். தொடங்குவதற்கு ஐந்தரை ஆகும். மேடைக்குப் பின்னால் பவுடரும் லிப்ஸ்டிக்குமாக நாற்பது பிள்ளைகள் நிற்பார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே பசி வந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு முடிந்ததும் வரவேற்புரை. அதற்குப் பிறகு ஆண்டறிக்கை, தலைமையுரை, சிறப்புரை, பரிசளிப்பு எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. இந்த நிலையில் வரவேற்புரைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கலாம். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நிமிடமும் கடைசி நடனத்தில் இருந்து வெட்டப்படும்.

மூன்று நிமிடம் என்றால் எவ்வளவு? தமிழில் மேடை மைக்கில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 80 முதல் 90 சொல் வரும். நம் சொற்கள் நீளம். வேற்றுமை உருபும் விகுதியும் ஒட்டிக்கொண்டே வரும். ஆகவே மூன்று நிமிடம் என்பது ஏறக்குறைய 250 சொல், ஏ4 தாளில் ஒரு பக்கம். அதில் கைத்தட்டலுக்கும் மூச்சுக்கும் இடம் விட்டால் 200 சொல்தான் கையில் நிற்கும். விருந்தினரைப் பற்றிய பகுதிக்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் தமிழ்த்தாய் வாழ்த்து. அதை 55 விநாடியில் பாட வேண்டும் என்று 2021-இல் அரசாணையே வந்திருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் எல்லோரும் நின்று பாடியிருப்பார்கள். அந்த அளவு நேரத்துக்குள் ஒருவரை அறிமுகம் செய்ய முடியவில்லை என்றால், நாம் அவரைப் பற்றிப் பேசவில்லை, அவருடைய கோப்பைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

இப்போது முதல் வரைவு, உதவித் தலைமையாசிரியருடையது. மேடையில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் தனித்தனியாக வரவேற்பு. விருந்தினர் பகுதி இப்படிப் போகிறது:

"எங்கள் அழைப்பை ஏற்று, தங்கள் பொன்னான நேரத்தை எங்களுக்காக ஒதுக்கி, இவ்விழா மேடையை அலங்கரித்துக்கொண்டிருக்கும் சேவையின் சிகரம், கருணையின் மறுவடிவம், எங்கள் பள்ளியின் பெருமை, செவிலியர் கண்காணிப்பாளர் திருமதி இன்னார் அவர்களை இருகரம் கூப்பி வருக வருக என வரவேற்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்."

இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இது பிழைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேடையில் இருக்கிற யாரும் விட்டுப்போகவில்லை என்பது இந்த முறையின் பலம். மாமன்ற உறுப்பினர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், குடிதண்ணீர் டேங்க் வாங்கிக் கொடுத்த கடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் தன் பெயர் மைக்கில் வரவேண்டும். அதில் தப்பொன்றும் இல்லை. அந்தக் கடைக்காரர் அடுத்த வருஷமும் வேண்டும்.

சிக்கல் கணக்கில் வருகிறது. ஒருவருக்குப் பதவியும் பெயரும் சொல்ல 10 விநாடி, கைத்தட்டலுக்கு 5 விநாடி. அதோடு சால்வை. பெயர் சொன்னதும் ஓர் ஆசிரியர் எழுந்து வந்து, பாலித்தீன் உறையைக் கிழித்து, சால்வையைப் பிரித்து, போர்த்தி, போட்டோகிராபர் "சார், இந்தப் பக்கம்" என்று சொல்லித் திரும்பி நின்று முடிக்க 25 விநாடி என்று வையுங்கள். ஆளுக்கு 40 விநாடி. ஒன்பது பேருக்கு ஆறு நிமிடம். முன்னும் பின்னும் சேர்த்தால் ஏழு.

நேரத்தை விடவும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விருந்தினர் அந்த ஒன்பதில் ஒருவராகிவிடுகிறார். அடைமொழிகள் நாலாவது ஆளிலேயே தீர்ந்துபோகும். அப்புறம் 'சேவையின் சிகரம்' என்று செவிலியருக்குச் சொன்னதையே 'சேவைச் செம்மல்' என்று மாற்றி இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிவரும். கூட்டத்துக்கும் அது தெரியும். முதல் மூன்று பேருக்கு உரக்கத் தட்டும். ஆறாவது ஆள் வரும்போது ஆசிரியர்கள் மட்டும் தட்டிக்கொண்டிருப்பார்கள். யாருக்கு நீளமான அடைமொழி, யாருக்குக் குட்டை என்று மேடையிலேயே அளந்து பார்க்கிறவர்களும் உண்டு. ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று எடுத்த முறை, கடைசியில் ஒருவரை மற்றவரோடு ஒப்பிட வைத்துவிடுகிறது.

இந்த வரைவு சரியாகப் பொருந்துகிற இடமும் இருக்கிறது. அமைச்சரோ சட்டமன்ற உறுப்பினரோ அதிகாரிகளோடு வருகிற விழாவில், மேடையில் இருக்கிற எல்லோருமே பதவியால் வந்தவர்கள். அங்கே வரிசைதான் மரியாதை. அழைப்பிதழில் அச்சான வரிசையை அப்படியே பிடித்துக்கொண்டு, அடைமொழியை வெட்டிவிட்டு, பதவியையும் பெயரையும் மட்டும் சொல்லிப் போகலாம். அமைச்சர் என்றால் 'மாண்புமிகு' கட்டாயம். மற்றவர்களுக்குத் 'திரு', 'திருமதி' போதும். 'அவர்கள்' என்பதிலேயே மரியாதை இருக்கிறது.

இரண்டாவது வரைவு கணக்கு சாருடையது. உழைத்து எழுதியிருந்தார். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து, விருந்தினரின் அலுவலகத்தில் இருந்து பயோடேட்டா வாங்கி, ஒன்றரைப் பக்கம்:

"திருமதி இன்னார் அவர்கள் 1972-ஆம் ஆண்டு காசிமேட்டில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். ஐஸ் தொழிற்சாலையில் கூலி வேலை செய்த தந்தைக்கு மூன்றாவது மகளாகப் பிறந்து, வறுமையின் பிடியில் வளர்ந்து, ஏழாம் வகுப்பில் தோல்வியுற்றபோதும் துவளாமல் படித்து, 1994-ஆம் ஆண்டு செவிலியர் பட்டயப் படிப்பை முடித்து..."

இதில் தகவல் இருக்கிறது, அது முதல் வரைவில் இல்லை. விருந்தினர் யாரென்றே தெரியாத கூட்டத்துக்கு இது உதவும். ஒரு விஞ்ஞானியோ, வெளியூர்ப் பேராசிரியரோ வந்து பரிசு மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார், பெரிதாகப் பேசப் போவதில்லை என்றால், அவரைப் பற்றி நாம்தான் சொல்லியாக வேண்டும். அப்போதும் பிறந்த வருஷத்தில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. இப்போது என்ன செய்கிறார் என்பதில் தொடங்கி, அதற்குக் கொண்டுவந்து சேர்த்த ஒன்றிரண்டு செய்தியோடு நிறுத்தலாம். ஒரு பெண்மணியின் வயதை மைக்கில் அறிவிக்கிற வழக்கத்தை எந்தப் பள்ளி தொடங்கியதோ தெரியவில்லை.

ஆனால் இந்த விருந்தினர் பேச வருகிறவர். அங்கேதான் கணக்கு சாரின் வரைவு இடித்தது. தமிழ் மிஸ் அதை வைத்துக்கொண்டு விருந்தினருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"மேடம், உங்களைப் பத்தி எழுதியிருக்கோம். ஒரு தடவை படிச்சுக் காட்டட்டுமா?"

"படிங்க மிஸ்."

ஏழாம் வகுப்பு வரும் வரைக்கும் அந்தப் பக்கம் சத்தமில்லை. அப்புறம் சிரிப்பு.

"நான் ஃபெயிலானது உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?"

"ரிஜிஸ்தர்ல பார்த்தோம் மேடம்."

"அதை மட்டும் நீங்க சொல்லிடாதீங்க. பிள்ளைங்ககிட்ட அதைச் சொல்லணும்னுதான் நான் வர்றதே. நீங்க முன்னாடியே சொல்லிட்டா நான் என்னத்தைப் பேசறது?"

"சரிங்க மேடம், எடுத்துடறோம்."

"அப்புறம் அந்த வறுமைன்றதும் வேணாம் மிஸ். எங்கம்மா முன்னாடி சேர்லதான் உக்காந்திருக்கும். அது காதுல அப்படி விழ வேணாம்."

இந்த இரண்டும்தான் பயோடேட்டா வரவேற்பின் பெரிய ஆபத்து. விருந்தினர் பத்து நிமிடம் சொல்லப்போகிற கதையின் முடிச்சை வரவேற்புரைக்காரர் அரை நிமிடத்தில் அவிழ்த்துவிடுகிறார். அப்புறம் அவர் எழுந்து வந்து, "எனக்கு முன்னால் பேசியவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்" என்று தொடங்குவார். அது பாராட்டு இல்லை. மற்றது, ஒருவர் பட்ட கஷ்டத்தை அவர் சொன்னால் அது அனுபவம். அதையே நாம் மைக்கில் சொன்னால், முன் வரிசையில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கு அது வேறு மாதிரி கேட்கும். பதிவேட்டில் இருப்பதெல்லாம் மேடைக்கு உரியதல்ல.

எந்த வரைவை எடுத்தாலும் இந்தப் போனை மட்டும் விடாதீர்கள். மூன்று விஷயம் கேட்டால் போதும். பெயரை எப்படிச் சொல்ல வேண்டும், இனிஷியலோடா இல்லாமலா. இப்போதைய பதவியின் சரியான பெயர் என்ன. எதைச் சொல்ல வேண்டாம். பதவி உயர்வு வந்திருக்கும், பயோடேட்டா பழையதாக இருக்கும். மருத்துவம் படித்தவர் 'மருத்துவர்', ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர் 'முனைவர்'. இரண்டு பேருக்கும் ஆங்கிலத்தில் 'டாக்டர்' என்றே இருப்பதால் மாற்றிச் சொல்லி, விருந்தினர் மேடையில் நெளிந்ததை நிறையவே பார்த்திருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு வருகிற பதில்தான் பெரும்பாலும் உரையின் வடிவத்தையே முடிவு செய்யும். இங்கே அப்படித்தான் ஆயிற்று.

மூன்றாவது வரைவைத் தமிழ் மிஸ் அந்தப் போனுக்குப் பிறகு திருத்தி எழுதினார். முழுசாகவே தருகிறேன், மூச்சு விடுகிற இடத்தில் வரி உடைத்திருக்கிறார்.

"அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர்கள், மத்தியானத்தில் இருந்து மேக்கப் கலையாமல் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகள், எல்லோரையும் பள்ளியின் சார்பில் வரவேற்கிறேன்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் தலைமையாசிரியர் அவர்களையும், முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களையும், பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர்கள் சார்பில் மேடைக்கு வந்திருக்கும் அனைவரையும் அன்போடு வரவேற்கிறேன்.

இந்த மேடைக்கு இடப்பக்கம் ஒரு வேப்பமரம் தெரிகிறது.
1984-இல் நம் பள்ளியின் ஏழாம் வகுப்பு அந்த மரத்தடியில்தான் நடந்தது. உள்ளே இடம் போதவில்லை.
அங்கே மணலில் உட்கார்ந்து பாடம் கேட்ட ஒரு மாணவி, நம் பாட்டிமார் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வார்களே, அந்த ஸ்டான்லி மருத்துவமனையில் இன்று செவிலியர் கண்காணிப்பாளர்.
காய்ச்சல் என்று, கைமுறிவு என்று அங்கே போன உங்களில் பலர் அவரைப் பார்த்திருப்பீர்கள். நம் பள்ளிப் பெண் என்று தெரிந்திருக்காது.
மரத்தடியில் இருந்து அந்த மருத்துவமனை வரைக்கும் எப்படிப் போனார் என்பதை அவரே சொல்லப் போகிறார்.

இன்றைய சிறப்பு விருந்தினர், நம் பள்ளியின் மாணவி, திருமதி இன்னார் அவர்களே, வருக!"

மொத்தம் நூறு சொல்லுக்குச் சற்று மேல். நிறுத்தி, மூச்சு விட்டு, கைத்தட்டலுக்குக் காத்திருந்து பேசினால் இரண்டு நிமிடம் ஆகும். விருந்தினர் பகுதி தமிழ்த்தாய் வாழ்த்து நேரத்துக்குள் அடங்குகிறது.

இதில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மரத்தைக் காட்டியதும் கூட்டம் திரும்பிப் பார்க்கும். அது வரைக்கும் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களும் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார்கள். கஞ்சித்தொட்டி என்றதும் பின் வரிசைப் பாட்டிகளிடம் ஒரு சலசலப்பு வரும். இரண்டு இடத்திலும் பேசுகிறவர் காத்திருக்க வேண்டும். வரி உடைத்திருப்பது அதற்குத்தான். ஃபெயிலான கதையைத் தொடவில்லை, ஆனால் 'எப்படிப் போனார்' என்று கேட்டு அதற்கு வாசலைத் திறந்து வைத்தாயிற்று. விருந்தினர் எழுந்ததும் நேரே அங்கிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

பெயர் கடைசியில் வருவதும் வேண்டுமென்றே செய்தது. தமிழில் வினை கடைசியில் வரும் என்பதால், "திருமதி இன்னார் அவர்களை இருகரம் கூப்பி வருக வருக என வரவேற்பதில்..." என்று எழுதினால் பெயர் விழுந்ததும் கைத்தட்டல் எழும்பி, மீதி ஏழெட்டுச் சொல்லும் அதில் அமுங்கிப்போகும். பேசுகிறவர் கத்த வேண்டிவரும், அல்லது முடிக்காமல் நிற்க வேண்டிவரும். பெயர், 'அவர்களே', 'வருக' என்று முடித்தால் கைத்தட்டல் சரியான இடத்தில் விழும். சால்வை வைத்திருப்பவருக்கும் அதுதான் சைகை. உறையைப் பிரித்து மடிப்பு கலைத்துக் கையில் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, மற்ற எட்டுப் பேர்? இங்கேதான் உதவித் தலைமையாசிரியர் விட்டுக்கொடுக்க மறுத்தார். "மிஸ், சேர்மன் பேரைச் சொல்லலைன்னா நாளைக்கு யார் பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அதற்கு வழி தொகுப்புரையில் இருக்கிறது. விழா தொடங்கும் முன் ஒவ்வொருவரையும் பெயரும் பதவியும் சொல்லி மேடைக்கு அழைக்கிறவர் தொகுப்பாளர். அப்படி அழைக்கும்போதே ஓர் ஆசிரியர் படியருகில் நின்று சால்வை போட்டுவிட்டால், எட்டுப் பேருக்கும் பெயரும் ஆயிற்று, சால்வையும் ஆயிற்று, போட்டோவும் ஆயிற்று. நாற்காலியில் உட்கார எப்படியும் அந்த நேரம் ஆகத்தான் போகிறது. அதற்குப் பிறகு வரவேற்புரையில் அவர்களைப் பதவியால் சேர்த்துச் சொன்னால் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பட்டியலைத் தொகுப்பாளர் அழைப்பிதழ் வரிசையில் எழுதி, விழா அன்று மத்தியானம் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். கடைசி நேரத்தில் ஒருவர் கூடுவதும் ஒருவர் குறைவதும் எப்போதும் நடக்கிறதுதான்.

மூன்றாவது வரைவுக்கும் எல்லை உண்டு. விருந்தினருக்கும் பள்ளிக்கும் உண்மையிலேயே ஒரு தொடர்பு இருந்தால்தான் அது நிற்கும். இல்லாத தொடர்பைக் கட்டினால் உடனே தெரிந்துவிடும். தொடர்பு இல்லையே என்று ஊர்ப் பெருமையைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 1856-இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்தது, 1949-இல் ராபின்சன் பூங்காவில் திமுக தொடக்க விழாக் கூட்டம் நடந்தது, திருவொற்றியூரில் பட்டினத்தார் அடங்கினார் என்று அடுக்குவார்கள். எல்லாம் உண்மை. ஆனால் கேட்கிறவர்கள் இந்த ஊர்க்காரர்கள். விருந்தினர் ரயில்வே அதிகாரியாக இருந்தால் ராயபுரம் ஸ்டேஷன் ஒரு வரி வரலாம். செவிலியருக்கு ஸ்டான்லி போதும். ஒரே ஒரு செய்தி, அதுவும் அவரைத் தொடுகிற செய்தி.

தொடர்பே கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது வரைவைச் சுருக்கி எடுப்பதே நேர்மை. இப்போதைய வேலை ஒரு வரி, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி அந்த வேலையில் என்ன செய்கிறார் என்று ஒரு வரி, பெயர், வருக. அரை நிமிடத்தில் முடிகிற அறிமுகத்தை யாரும் குறை சொன்னதில்லை.

இந்தப் பள்ளிக்கு நான் சொன்னது மூன்றாவது வரைவு. அதில் முடிவை உறுதி செய்த காரணம் ஒன்று உண்டு. விருந்தினர் மருத்துவமனையில் இருந்து வருகிறார். வார்டில் ஏதாவது அவசரம் என்றால் தாமதமாகும். இல்லையென்றாலும் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசையில் கார் மாட்டினால் அரை மணி நேரம் போய்விடும். முதல் வரைவை அவர் இல்லாமல் படித்தால் காலி நாற்காலிக்கு இருகரம் கூப்ப வேண்டும். இரண்டாவதைப் படித்தால், அறிமுகம் முடிந்தபின் ஆள் வருவார். மூன்றாவது வரைவை வேப்பமரத்துக்கு முன்னால் இரண்டாக வெட்டிவிடலாம். பொது வரவேற்பை ஐந்தரைக்கே சொல்லி, ஆண்டறிக்கையும் ஒரு நடனமும் போட்டுவிட்டு, அவர் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் மீதியைச் சொல்லலாம்.

யார் பேசுவது என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியருக்கு ஆண்டறிக்கை இருக்கிறது. அதே குரல் இரண்டு தடவை வேண்டாம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேசட்டுமே என்றார்கள். வேப்பமரப் பகுதியை மட்டும் அவளுக்குக் கொடுக்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் மனப்பாடமாக ஒப்பிக்க விட்டால் காத்திருக்க வேண்டிய இரண்டு இடத்திலும் காத்திருக்க மாட்டாள். தமிழ் மிஸ்ஸே பேசுவதென்று முடிவாயிற்று.

மைக் பற்றி. பள்ளி மைதானத்தில் மூன்று பக்கமும் கட்டடச் சுவர். பாக்ஸில் இருந்து போகிற குரல் சுவரில் மோதித் திரும்பி வரும். வேகமாகப் பேசினால் போகிற சொல்லும் திரும்புகிற சொல்லும் குழம்பி, மேடையில் தெளிவாகக் கேட்பது கடைசி வரிசையில் இரைச்சலாகிவிடும். மைக் செட் கட்டி முடித்ததும் ஒருவரைப் பின்னால் நிற்க வைத்து முதல் இரண்டு வரியைப் பேசிப் பாருங்கள். அவருக்குச் சொல் சொல்லாக விழுகிற வேகம் எதுவோ அதுதான் அன்றைய வேகம். காசிமேட்டில் சாயங்காலம் கடற்காற்று மைக்கில் அடித்து 'புஸ் புஸ்' என்று கேட்கும். மைக்காரரிடம் பஞ்சு உறை கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும்.

காற்றுக்கு ஏ4 தாளும் நிற்காது. தமிழ் மிஸ் தன் உரையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, மிச்சமிருந்த அழைப்பிதழ் அட்டை இரண்டில் ஒட்டிக்கொண்டார். வேப்பமரத்துக்கு முன் வரை ஓர் அட்டை, அதற்குப் பிறகு இன்னொன்று. இரண்டாவது அட்டையின் நகல் ஒன்றைத் தொகுப்பாளர் கையிலும் கொடுத்துவிட்டார், விருந்தினர் வருகிற நேரத்தில் தான் மேடைக்குப் பின்னால் ஏதோ ஒரு பிள்ளையின் ஜடையைச் சரிசெய்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று.